பிழை இல்லாத மொழிபெயர்ப்பு ஏன் ஒட்டவில்லை?

"சர்க்கரை நோயாளிகளுக்கான ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழில் பெயர்த்திருக்கிறார்கள். மெய்ப்பு பார்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை பெரிதாக இல்லை. ஆனால் படித்தால் மனதில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. வரிக்கு வரி 'பட வேண்டும்' வருகிறது. எதிலிருந்து தொடங்குவது, எவ்வளவு தூரம் கை வைக்கலாம்?"

முதல் சுற்றில் ஆங்கில மூலத்தைத் திறக்கவே திறக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் தமிழ் எவ்வளவு குழம்பியிருந்தாலும் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் படித்த பொருளைக் கண் தமிழில் தானாக நிரப்பிக்கொள்ளும். கையேட்டை வாங்கப்போகும் நோயாளியிடம் ஆங்கிலப் பிரதி இருக்காது. அதனால் தமிழை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். எந்த வாக்கியத்தில் பாதி வழியில் நின்று மறுபடி முதல் சொல்லுக்குப் போக வேண்டியிருக்கிறதோ, அங்கே ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். திருத்த வேண்டாம், கோடு மட்டும். இரண்டாம் சுற்றில் மூலத்தைத் திறந்து, கோடு போட்ட இடங்களை எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் கையேட்டைப் பார்க்காமல் பொதுவாகப் பேசினால் பயன் இல்லை. இந்த மாதிரிக் கையேடுகளில் வழக்கமாக வரும் பத்தி ஒன்றை நானே எழுதிக் காட்டுகிறேன்:

"நீங்கள் இன்சுலினைப் பயன்படுத்தும் ஒரு நபராக இருந்தால், உங்கள் இரத்தச் சர்க்கரை மிகவும் குறைவாக ஆவதற்கான ஒரு சாத்தியம் உள்ளது. நடுக்கம், வியர்வை அல்லது குழப்பம் உங்களால் அனுபவிக்கப்பட்டால், 15 கிராம் வேகமாகச் செயல்படும் சர்க்கரை உடனடியாக உட்கொள்ளப்பட வேண்டும் மற்றும் உங்கள் இரத்தச் சர்க்கரை 15 நிமிடங்களுக்குப் பிறகு மீண்டும் சோதிக்கப்பட வேண்டும். திறக்கப்படாத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் குளிர்சாதனப் பெட்டியில் சேமிக்கப்பட வேண்டும், ஆனால் உறைய வைக்கப்படக் கூடாது, ஏனெனில் உறைந்த இன்சுலின் அதன் செயல்திறனை இழக்கிறது."

இலக்கண வாத்தியார் இதில் சிவப்பு மை வைக்க இடம் அதிகம் இல்லை. ஆனால் கை நடுங்கும் நேரத்தில் இதைப் படித்து ஒருவர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் முதலில் கேட்ட 'பட வேண்டும்' விஷயத்துக்கே வருகிறேன். அதை வெறும் நடைக் குறையாகப் பார்க்காமல், ஆங்கிலம் ஏன் செயப்பாட்டு வினையை அவ்வளவு பயன்படுத்துகிறது என்று பார்த்தால் திருத்தும் வழியும் கிடைத்துவிடும். ஆங்கிலத்தில் ஒரு சொல் எழுவாயா, செயப்படுபொருளா என்பதைப் பெரும்பாலும் அது நிற்கும் இடம்தான் சொல்கிறது. பேச்சு இன்சுலினைப் பற்றியது, அதனால் இன்சுலின் வாக்கியத்தின் முதலில் வர வேண்டும் என்றால், வினையையே செயப்பாட்டு வினையாகத் திருப்பியாக வேண்டும். தமிழுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 'ஐ' உருபு ஒட்டிவிட்டால் அந்தச் சொல் எங்கே நின்றாலும் அது செயப்படுபொருள்தான். "இன்சுலினை ஃபிரிட்ஜில் வையுங்கள்" என்று எழுதினால் இன்சுலினும் முன்னால் வந்துவிட்டது, வினையும் நேராக இருக்கிறது. யார் வைக்க வேண்டும் என்பதும் 'உங்கள்' விகுதியிலேயே அடங்கிவிட்டது. மொழிபெயர்ப்பில் வரும் 'படு'க்களில் பெரும்பகுதி இப்படி ஒரு 'ஐ' போட்டாலே கழன்றுவிடும்.

அடுத்தது பெயரெச்சம். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் வரும் வினைச்சொல்லுக்குச் செய்வினை, செயப்பாட்டு வினை வேறுபாடு கட்டாயம் இருக்கும். தமிழ்ப் பெயரெச்சத்துக்கு அது தேவையில்லை. வறுத்த கடலை, பொரித்த மீன், துவைத்த துணி என்றுதான் சொல்கிறோம். கடலை எதையும் வறுத்துவிட்டதாக யாரும் நினைப்பதில்லை. 'வறுக்கப்பட்ட கடலை' என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தால் அது மொழிபெயர்ப்பு என்று உடனே தெரிந்துவிடும். ஆகவே 'திறக்கப்படாத இன்சுலின்' என்பது 'திறக்காத இன்சுலின்' ஆகலாம், 'பிரிக்காத' என்றால் இன்னும் இயல்பு. 'மருத்துவரால் பரிந்துரைக்கப்பட்ட அளவு' என்பது 'மருத்துவர் சொன்ன அளவு'. 'கீழே கொடுக்கப்பட்டுள்ள அட்டவணை' என்பது 'கீழே உள்ள அட்டவணை'. இந்த ஒரு வகையைத் தேடித் திருத்தினாலே பக்கத்துக்குப் பல வரி இளைத்துவிடும்.

மூன்றாவது வழி, தானாக நடப்பதைச் சொல்லும் வினை. உடை – உடைந்தது, குறை – குறைந்தது, கலை – கலைந்தது என்று தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. 'சர்க்கரை அளவு குறைக்கப்படும்போது' என்று எழுதியிருந்தால் யாரோ வேண்டுமென்றே குறைக்கிறார்கள் என்று பொருள் வந்துவிடும். 'குறையும்போது' என்றால் தானாகக் குறைகிறது. இங்கே நடை மட்டுமல்ல, பொருளே மாறுகிறது. செயப்படுபொருளையே எழுவாய் மாதிரி நிறுத்திச் சொல்லும் வழக்கம் நம்மிடம் பழையது. தொல்காப்பிய வினையியல் அதை மரபு என்றே ஒப்புக்கொள்கிறது. உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொள்ளாது, ஆனாலும் கேட்பவருக்குக் குழப்பம் இல்லை. இன்றைக்கு 'சமையல் ஆயிற்று', 'பதிவு முடிந்தது' என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே மனப்போக்குதான். 'பதிவு செய்யப்பட்டுவிட்டது' என்று நீட்டத் தேவையில்லை.

இப்போது கவனிக்க வேண்டிய இடம். செயப்பாட்டு வினையை எடுக்கும்போது 'யார் செய்ய வேண்டும்' என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். 'ஊசி போடும் இடம் ஒவ்வொரு முறையும் மாற்றப்பட வேண்டும்' என்ற வரி நோயாளிக்கா, செவிலியருக்கா? கையேட்டில் அது நோயாளிக்கான பகுதி என்றால் 'இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொள்ளுங்கள்'. செவிலியருக்கான பகுதி என்றால் வேறு மாதிரி எழுத வேண்டும். 'கால் பரிசோதிக்கப்பட வேண்டும்' என்பது இன்னும் மோசம். தினமும் நோயாளி தானே காலைப் பார்த்துக்கொள்வதும் உண்டு, வருடத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்ப்பதும் உண்டு. இரண்டும் வேறு வேறு வேலை. மூலத்திலும் தெளிவில்லை என்றால் நீங்களாக ஒரு ஆளை நிறுத்திவிடாதீர்கள். ஓரத்தில் 'யார்?' என்று எழுதிக் கையேடு தயாரித்தவர்களிடம் கேளுங்கள். மெய்ப்பு பார்ப்பவர் கேட்கும் கேள்விகளில் எனக்குத் தெரிந்து மிக உபயோகமானது இந்த ஒற்றைச் சொல்தான்.

எல்லாப் 'படு'வையும் வெட்டவும் வேண்டாம். 'கைது செய்யப்பட்டார்', 'தேர்ந்தெடுக்கப்பட்டார்', 'அறுவை சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டார்' இவையெல்லாம் செய்திகளில் நிலைத்துவிட்டவை. செய்தவர் யாரென்று தெரியாதபோது, அல்லது சொல்லாமல் விடுவதுதான் நோக்கம் என்றபோது, செயப்பாட்டு வினைதான் சரி. 'இந்த மருந்து 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்படவில்லை' என்ற வரியில் யார் சோதிக்கவில்லை என்பது படிப்பவருக்கு வேண்டியதே இல்லை. 'சோதித்துப் பார்க்கவில்லை' என்றும் எழுதலாம், ஆனால் பழையதை விட்டாலும் குற்றமில்லை. அப்புறம், கோப்பில் தேடல் போடும்போது ஏமாந்துவிடாதீர்கள். 'ப்பட' என்று தேடினால் புறப்பட்டார், பயப்பட வேண்டாம், தேவைப்படும், கவலைப்படாதீர்கள் எல்லாம் வந்து நிற்கும். அவற்றில் 'படு' இருந்தாலும் செயப்பாட்டு வினை இல்லை, தொடாதீர்கள். 'க்கப்பட', 'டப்பட', 'ய்யப்பட' என்று கொஞ்சம் நீட்டித் தேடினால் களை மட்டும் அதிகம் சிக்கும்.

சரி, சொல் வரிசை. ஆங்கிலம் முக்கியமான செய்தியை முதலில் போட்டுவிட்டு, காரணம், நிபந்தனை, விளக்கம் எல்லாவற்றையும் பின்னால் தொங்கவிடும். தமிழில் வினை கடைசியில் நிற்பதால் காரணமும் நிபந்தனையும் முன்னால் வந்துவிடும், முடிவு கடைசியில். மேலே காட்டிய பத்தியின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். வினை முடிந்து, காற்புள்ளி, 'ஆனால்', மறுபடி வினை, காற்புள்ளி, 'ஏனெனில்'. தமிழில் வாக்கியம் 'வேண்டும்' என்ற இடத்திலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு வருவதெல்லாம் ஒட்டுப்போட்டது. 'உறைந்துபோனால் இன்சுலின் வேலை செய்யாது. அதனால் அதை உறையவிடாதீர்கள்' என்று காரணத்தை முன்னால் வைத்து இரண்டு வாக்கியமாக்கினால் போதும். காற்புள்ளிக்குப் பின் வரும் 'ஏனெனில்' எங்கே கண்ணில் பட்டாலும் அந்த வாக்கியத்தைத் திருப்பிப் போட முடியுமா என்று பாருங்கள். பத்தில் எட்டு முடியும் என்பது என் அனுபவக் கணக்கு.

இதற்குத் தம்பி ஒருவன் உண்டு, காற்புள்ளிக்குப் பின் வரும் 'இது'. 'எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு முதல் மூன்று மாதங்களில் உங்கள் சராசரி இரத்தச் சர்க்கரையை அளவிடும் ஒரு பரிசோதனையாகும், இது உங்கள் மருத்துவரால் வழக்கமாகச் செய்யப்படுகிறது' என்று வரும். ஆங்கில இணைப்புச் சொல்லின் நிழல் அந்த 'இது'. முற்றுப்புள்ளி வைத்துப் பிரித்துவிடுங்கள். 'கடந்த இரண்டு, மூன்று மாதத்தில் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதை எச்பிஏ1சி பரிசோதனை காட்டும். மருத்துவர் இதை வழக்கமாக எடுத்துப் பார்ப்பார்.' 'என்பது... ஆகும்' என்ற சட்டகமும் கூடவே போய்விட்டது. பள்ளிப் பாடநூல் வரையறைக்கு அது பொருந்தும், நோயாளிக் கையேட்டுக்குக் கனம் அதிகம்.

எதிர்த் திசையிலும் ஒரு விபத்து நடக்கும். எல்லா விளக்கத்தையும் பெயருக்கு முன்னால் அடுக்குவதுதான் தமிழ் என்று நினைத்து, 'புதிய மருந்து தொடங்கிய, சிறுநீரகக் கோளாறு உள்ள, 65 வயதைக் கடந்த நோயாளிகள் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்' என்று எழுதிவிடுவார்கள். இலக்கணம் சரி, யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிய 'நோயாளிகள்' வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் பார்க்க வேண்டுமா, ஏதாவது ஒன்று இருந்தால் போதுமா? காற்புள்ளி அதைச் சொல்லாது. மூலத்தைப் பார்த்து, ஏதாவது ஒன்று என்றால் 'சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, 65 வயதைக் கடந்திருந்தாலோ, புதிய மருந்து தொடங்கியிருந்தாலோ' என்று பிரியுங்கள். மூன்றும் வேண்டும் என்றால் 'இந்த மூன்றும் இருந்தால்' என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

வரிசை தப்பினால் பொருள் தப்பும் சிறு சொற்களும் உண்டு. 'நீங்கள் மட்டும் தண்ணீர் குடிக்கலாம்' என்பதும் 'நீங்கள் தண்ணீர் மட்டும் குடிக்கலாம்' என்பதும் ஒன்றல்ல. வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதற்கான குறிப்பில் 'மட்டும்' ஒரு சொல் முன்னால் தள்ளி நின்றால் சொல்ல வந்ததே மாறிவிடும். இதே மாதிரி 'எல்லா மாத்திரைகளும் பாதுகாப்பானவை அல்ல' என்று ஆங்கில மறுப்பை அப்படியே போட்டால், எந்த மாத்திரையுமே பாதுகாப்பில்லை என்று படித்துக்கொள்பவர்கள் உண்டு. 'எல்லா மாத்திரையும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது' என்றோ, மூலம் இடம் கொடுத்தால் 'சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்' என்றோ மாற்றுங்கள்.

சொல்லுக்குச் சொல் பெயர்த்த தொடர்களைப் பற்றி நீட்டப்போவதில்லை. அவை கண்ணுக்குத் தாமாகவே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மருத்துவ எழுத்தில் அது எங்கும் இருக்கிறது. உடம்புக்கு வருவதைத் தமிழ் 'கு' உருபில் சொல்லும்: எனக்குப் பசிக்கிறது, அவருக்குத் தலை சுற்றுகிறது, பாட்டிக்குக் காய்ச்சல். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய், அவர் நோயை 'வைத்திருப்பார்' அல்லது 'உணர்வார்'. அதை அப்படியே பெயர்த்தால் 'நீங்கள் தலைச்சுற்றலை உணர்ந்தால்', 'நோயாளி காய்ச்சலைக் கொண்டிருந்தால்', நம் பத்தியில் வந்தது போல 'குழப்பம் உங்களால் அனுபவிக்கப்பட்டால்' என்றெல்லாம் வரும். இங்கே 'உங்களுக்கு' என்று தொடங்கினால் மீதி தானாகச் சரியாகிவிடும். பல இடங்களில் 'உங்களுக்கு' கூட வேண்டாம். 'தலை சுற்றினால்' போதும். 'உங்கள் கைகளை உங்கள் சோப்பால்' என்பது போன்ற 'உங்கள்'களையும் அப்படியே கழிக்கலாம். அடுத்தவர் கையை யாரும் கழுவப்போவதில்லை.

இவ்வளவும் செய்தால் அந்தப் பத்தி கிட்டத்தட்ட இப்படி வரும்:

"இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடலாம். உடல் நடுங்கினாலோ, வியர்த்தாலோ, மனம் குழம்பினாலோ, உடலில் வேகமாகச் சேரும் சர்க்கரை 15 கிராம் உடனே சாப்பிடுங்கள். 15 நிமிடம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை அளவை மறுபடி பாருங்கள். பிரிக்காத இன்சுலினை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வையுங்கள். உறைந்துபோனால் இன்சுலின் வேலை செய்யாது. அதனால் அதை உறையவிடாதீர்கள்."

இதில் நான் விடாமல் பிடித்துவைத்தவற்றையும் பாருங்கள். 'வேகமாக' என்பதை நடைக்காக வெட்டிவிட ஆசை வரும், வெட்டக் கூடாது. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் அதிலுள்ள சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும், அதைத் தவிர்க்கத்தான் மூலத்தில் அந்தச் சொல்லே இருக்கிறது. 'மிகவும்' இருக்க வேண்டும், லேசாகக் குறைவதைப் பற்றி அந்த வரி பேசவில்லை. 'குறைந்துவிடலாம்' என்பது 'குறைந்துவிடும்' ஆகக் கூடாது. எண், அலகு, மறுப்பு, அப்புறம் லாம், வேண்டும், கூடாது என்ற மூன்று வினைமுடிவுகள், இவற்றைத் திருத்தியதும் மூலத்தோடு விரல் வைத்து ஒத்துப் பாருங்கள். உங்கள் எல்லை அங்கேதான். வாக்கியத்தை உடைக்கலாம், திருப்பலாம், சுருக்கலாம். ஆனால் மூலத்தில் இல்லாத அறிவுரையைச் சேர்க்கவோ, இருக்கும் அறிவுரையின் அழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மூலமே தவறு என்று தோன்றினால் தனிக் குறிப்பாக எழுதி அனுப்புங்கள், தமிழில் மட்டும் சத்தமில்லாமல் சரிசெய்துவிடாதீர்கள்.

'சர்க்கரை' என்ற சொல்லைத் தெற்கில் பலர் டப்பாவில் இருக்கும் பொருளுக்குச் சொல்வதில்லை, அது 'சீனி'. கையேடு மதுரைக்குத் தெற்கே போகிறது என்றால் சாப்பிடும் இடத்தில் 'சீனி' என்றும், ரத்தத்தில் இருப்பதைச் 'சர்க்கரை' என்றும் எழுதினால் இரண்டும் கலக்காமல் இருக்கும். கையேடு தயாரித்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

திருத்தி முடித்ததும் ஒற்றுக்காக மட்டும் ஒரு சுற்று கட்டாயம் வேண்டும். நீங்கள் உருபு மாற்றிய ஒவ்வொரு இடத்திலும் சந்தி மாறியிருக்கும். 'இன்சுலின் குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட வேண்டும்' என்பதில் ஒற்று இல்லை. 'இன்சுலினைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்' என்பதில் 'க்' வந்துவிட்டது. 'ஐ', 'கு' இரண்டுக்கும் பின்னால் க, ச, த, ப வந்தால் வல்லினம் மிகும். நீங்கள் இந்த இரண்டு உருபையும்தான் கையேடு முழுக்கத் தூவியிருப்பீர்கள், ஆகவே பிழையில்லாமல் வந்த பிரதி உங்கள் கையில் பிழையோடு திரும்பிப் போக வாய்ப்பு அதிகம். 'னை ', 'ளை ', 'தை ', 'வை ', 'க்கு ', 'ற்கு ' என்று இடைவெளியோடு தேடினால் அரை மணி நேரத்தில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடலாம்.